தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், எனக்கும் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி. முடிந்தால் காலையில் படி. உடனே பதில் சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

விஷயம் உன் குடியைப் பற்றித்தான். திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுவதென்றால் நேரிலேயே திட்டியிருப்பேன் என்பது உனக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு ராத்திரி நீயே கூப்பிட்டாய். அப்பாவைப் பற்றி ரொம்ப நேரம் பேசினாய். ஆஸ்பத்திரியில் அவர் உன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாய். குரலில் குளறல் இல்லை, சொன்னதிலும் கோளாறு இல்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்" என்று அதையே முதலிலிருந்து ஆரம்பித்தாய். பொத்தான் உட்பட. நான் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகு எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் ஒரு டாக்டரிடம் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. வேகமாக, அதிகமாகக் குடிக்கும்போது மூளை நடப்பதைப் பதிவு செய்வதையே நிறுத்திவிடுமாம். ஆள் நடப்பார், பேசுவார், சிரிப்பார். பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. மறுநாள் யோசித்து யோசித்துப் பார்த்தாலும் கிடைக்காது, ஏனென்றால் பதிவானால்தானே கிடைப்பதற்கு. அந்த மாதிரி ஒரு ராத்திரியில் நீ வண்டிச் சாவியைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். பாப்பாவின் ஸ்கூல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். "சரியாத் தூங்கலக்கா" என்றாய். அதில் பொய் இல்லை என்றே நினைக்கிறேன். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது, ஆனால் ராத்திரியின் பின்பாதியில் கலைந்து கலைந்து போகிறது. விடியும்போது அலுப்பும் படபடப்பும்தான் மிச்சம். அதை அடக்க மறுபடி அதுவே தேவைப்படுகிறது. அப்பா போன பிறகு தூக்கத்துக்காகத்தான் நீ ஆரம்பித்தாய். அந்த வீட்டில் அந்த நாட்களில் எல்லாவற்றையும் தோளில் தூக்கிச் சுமந்தது நீதான், அதை நான் மறக்கவில்லை.

நீயாக நிறுத்திப் பார்த்ததும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் தாக்குப்பிடித்தாய். வியர்த்துக் கொட்டியது, நடுக்கம், குமட்டல், மூன்றாம் நாள் முடியாமல் எடுத்துவிட்டாய். "எனக்கு மன உறுதி கிடையாதுக்கா" என்று சொன்னாயே, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அது மனசு செய்த வேலை இல்லை தம்பி. தினமும் குடித்துப் பழகிய உடம்பு, அதை வைத்தே தன்னை நிலைப்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. திடீரென்று அது இல்லையென்றால் நரம்பெல்லாம் முறுக்கேறிப்போகிறது. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வருமாம். அதற்கடுத்த நாட்களில் புத்தி குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நிலைக்கும் போவதுண்டு. உயிருக்கே ஆபத்தான விஷயம். அதனால் வீறாப்பாக, யாருக்கும் சொல்லாமல், ஒரே நாளில் விடுகிற வேலையை இன்னொரு முறை செய்யாதே. குடிக்காதே என்று சொல்ல வந்த அக்கா திடீரென்று நிறுத்தாதே என்கிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள், ஆனால் கேள்.

டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தினால் அந்த முதல் வாரத்தைத் தாண்டுவதற்கு மாத்திரை தருகிறார்கள். குடியால் குறைந்துபோகிற வைட்டமின் பி1-ஐ ஈடுகட்டுகிறார்கள், ரத்தப் பரிசோதனையில் ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிற அளவிலேயே இருந்தால், குடியை விட்டாலே பெரும்பாலும் அது தானாகச் சரியாகிவிடும். அதன் பிறகு குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. பேசுவதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். 1935-ல் குடியிலிருந்து மீள நினைத்த இரண்டு பேர் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று உலகம் முழுக்க நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. உனக்குக் கூட்டம் பிடிக்காது என்றால் விட்டுவிடலாம், அது கட்டாயம் ஒன்றும் இல்லை.

சொந்தக்காரர் ஒருவர், ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துகொடுத்தால் குடியை மறக்கடிக்கும் பொடி என்று ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பியிருந்தார். இந்த ஆலோசனை சொல்கிறவர்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் நேரம் கிடைக்கிறதோ! நான் அதைச் செய்யமாட்டேன், வீட்டில் யாரையும் செய்யவிடவும் மாட்டேன். அப்படிப்பட்ட சில மருந்துகள் உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஆபத்து ஒரு பக்கம். உன் தட்டில் இருப்பதை நீ நம்பிச் சாப்பிட முடியாத வீடாக அதை ஆக்க எனக்கு மனசு வராது. உன் விஷயத்தில் எது நடந்தாலும் உனக்குத் தெரிந்துதான் நடக்கும்.

உன் மனைவி என்னிடம் எதையும் புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டபோது அழுதாள், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் சேர்ந்து உனக்கு எதிராகப் பேசிக்கொள்வதாக நினைத்துவிடாதே.

இனிமேல் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ ஆச்சரியப்படக் கூடாது. குடித்திருக்கும்போது நீ கூப்பிட்டால் கட்டாயம் எடுப்பேன். எங்கே இருக்கிறாய், பத்திரமாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, மற்றதைக் காலையில் பேசலாம் என்பேன். உன் ஆபீசுக்கு ஜுரம் என்று போன் செய்யச் சொன்னால் இனி செய்யமாட்டேன். வண்டி ஓட்டும் நிலையில் நீ இல்லையென்றால் எந்த நேரமானாலும் வந்து கூட்டிப்போவேன், வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

சத்தியம் எதுவும் வேண்டாம். பாப்பா தலைமேல் அடித்தெல்லாம் சொல்லாதே. ஒரு முறை டாக்டரைப் பார்ப்போம், அவ்வளவுதான் கேட்கிறேன். நான் பேசிய அதே டாக்டரிடம் வரும் வியாழக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு என் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். நீ வந்தால் உள்ளே நீ மட்டும் போகலாம், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். தினமும் எவ்வளவு, எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது என்பதை மட்டும் குறைக்காமல் சொல்லிவிடு. மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் அந்த அட்டையையும் எடுத்து வா. இந்த வியாழன் வர மனசில்லை என்றால் நான் மட்டும் போய்விட்டு வருகிறேன், எனக்கும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அடுத்த முறை பார்க்கலாம்.

அதற்கு நடுவில் நடுக்கம் அதிகமாகி, வலிப்போ குழப்பமோ வந்தால் வியாழன் வரை காத்திருக்காதே. நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லி உன் மனைவியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு ஒரு போன் போதும்.

வியாழக்கிழமை 5 மணிக்கு உன் தெருமுனையில் வண்டியோடு இருப்பேன். வருகிறாய், இல்லை என்பதை ஒரு வார்த்தை மெசேஜில் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா