எங்கள் மெயில் பட்டியல் திருடு போயிருக்கிறது, உங்கள் பெயரும் போன் எண்ணும் அதில் இருக்கின்றன

சின்னாளப்பட்டி, 12 மார்ச் 2026

வணக்கம்,

எங்களிடம் ஆன்லைனில் சுங்குடிச் சேலை வாங்கியவர்களுக்கு, புதுச் சரக்கு வரும்போது மெயில் அனுப்புவோம் இல்லையா, அந்தப் பட்டியலை யாரோ மார்ச் 8, ஞாயிறு இரவு முழுதாக டவுன்லோட் செய்துவிட்டார்கள். அதில் 6,214 பேர் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்கு மட்டும்தான் போகிறது, அதனால் இது உங்கள் கைக்கு வந்திருந்தால் உங்கள் தகவலும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

போனவை: உங்கள் பெயர், மெயில் முகவரி, மொபைல் எண், ஊரும் பின்கோடும், கடைசியாக என்ன சேலை எந்த மாதம் வாங்கினீர்கள் என்பது. வீட்டு எண், தெருப் பெயர், பாஸ்வேர்ட், கார்டு அல்லது யுபிஐ விவரம் எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆர்டர் விவரங்கள் தனி இடத்தில் இருக்கின்றன, அங்கே யாரும் நுழைந்ததாகப் பதிவு இல்லை. பணம் கட்டும்போது கார்டு எண் எங்களிடம் வருவதே இல்லை, அது நேராக பேமென்ட் நிறுவனத்துக்குப் போய்விடும்.

எப்படி நடந்தது என்றால், தீபாவளி நேரத்தில் மெயில் வடிவமைக்க வந்த ஒருவருக்குக் கொடுத்த லாகின், அவர் வேலை முடித்துப் போன பிறகும் அப்படியே இருந்தது. அதை நாங்கள் நீக்கியிருக்க வேண்டும், நீக்கவில்லை. அதற்கு ஓடிபி பாதுகாப்பும் போட்டிருக்கவில்லை. அந்த லாகின் வழியாகத்தான் பட்டியல் வெளியே போயிருக்கிறது. இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அவருக்கு எங்கள் கடை பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது: "உங்கள் மெரூன் சுங்குடிச் சேலை பார்சல் முகவரி சரியில்லாமல் திரும்பிவிட்டது, மறுபடி அனுப்ப ரூ. 25 கட்டுங்கள்." அவர் வாங்கியது நிஜமாகவே மெரூன் சேலைதான், அதனால் நம்பி லிங்க்கைத் திறந்து கார்டு எண்ணையும் போட்டுவிட்டார். அப்புறம் போனுக்கு வந்த ஓடிபி மெசேஜைப் பார்த்தால், அதில் ரூ. 24,900 என்று இருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு வங்கிக்கு அழைத்து கார்டை பிளாக் செய்துவிட்டார், பணம் போகவில்லை.

உங்களுக்கும் இதே மாதிரி வரலாம், மெயிலாகவோ எஸ்எம்எஸ்ஸாகவோ வாட்ஸப்பிலோ. 25 ரூபாய்தானே என்று யோசிக்காமல் கட்ட வைப்பதுதான் அவர்கள் திட்டம், அவர்களுக்கு வேண்டியது உங்கள் கார்டு எண்ணும் ஓடிபியும். ஓடிபி மெசேஜில் எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்பதை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ரீஃபண்ட் தருகிறோம், கியூஆர் ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று, ஏனென்றால் யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஆர்டர் செய்யாத பார்சல் கேஷ் ஆன் டெலிவரியில் வந்தால் வாங்காதீர்கள்.

ஏற்கனவே பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் வேறு கணக்குக்கு நகர்வதற்குள் அதை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம்.

ஒன்று முக்கியம். உங்களில் பலர் அம்மாவுக்காகவோ மாமியாருக்காகவோ வாங்கி, அவர்கள் மொபைல் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த மெயில் அவர்கள் கண்ணில் படாது, ஆனால் போலி அழைப்பு அவர்களுக்குத்தான் போகும். தயவுசெய்து இன்றைக்கே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

அந்தப் பழைய லாகினை நீக்கிவிட்டோம், மற்ற எல்லா லாகினுக்கும் பாஸ்வேர்ட் மாற்றி ஓடிபி போட்டாயிற்று. சைபர் கிரைம் போலீஸிலும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிலும் புகார் கொடுத்திருக்கிறோம். மொபைல் எண்ணையும் என்ன வாங்கினீர்கள் என்பதையும் மெயில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், மெயில் அனுப்ப அவை தேவையே இல்லை. ஆனால் வெளியே போன பட்டியலைத் திரும்ப வாங்க வழியில்லை, அது வேறு கைகளுக்கும் போகலாம். அதனால் இந்த எச்சரிக்கையை ஒரு வாரத்தோடு மறந்துவிடாதீர்கள்.

எங்கள் தளத்தில் நீங்கள் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டியதில்லை. அனுப்ப வேண்டிய ஆர்டர்கள் வழக்கம்போல வந்து சேரும்.

இந்தக் கடிதத்தில் நீங்கள் அழுத்த வேண்டிய லிங்க் எதுவும் வைக்கவில்லை, எங்கள் போன் எண்ணும் வேண்டுமென்றேதான் போடவில்லை. எங்களிடம் பேச வேண்டுமென்றால் சேலையோடு வந்த பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அழையுங்கள், காலை 9 முதல் இரவு 9 வரை, ஞாயிறும் சேர்த்து, கடையில் ஒருவர் இதற்காகவே இருக்கிறார். பில் தொலைந்திருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள், நாங்களே அழைக்கிறோம், அப்போதும் கார்டு எண், ஓடிபி எதுவும் கேட்க மாட்டோம். பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டுமென்றால் "நீக்கவும்" என்று பதில் அனுப்பினால் போதும், அன்றைக்கே நீக்கிவிடுவோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்
சின்னாளப்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்