பயிற்சித்தாள் 4: இயல்நிலைப் பரவல், z மதிப்பு

500 மி.லி. பால் பாக்கெட்டில் இயந்திரம் நிரப்பும் அளவு இயல்நிலைப் பரவலில் உள்ளது. சராசரி 502 மி.லி., திட்டவிலக்கம் 4 மி.லி. ஒரு பாக்கெட்டில் 500 மி.லி.க்குக் குறைவாக இருக்க நிகழ்தகவு என்ன?

z = (500 − 502) / 4 = −0.5

முதலில் மணி வளைவை வரைந்து, −0.5க்கு இடப்பக்கம் நிழலிடுங்கள். படம் வரையாமல் அட்டவணைக்குப் போகாதீர்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

நம் அட்டவணை 0 முதல் z வரையுள்ள பரப்பைத் தருகிறது. அதில் குறை எண் கிடையாது. வளைவு இருபுறமும் ஒன்றுதான், அதனால் 0.5 என்றே பாருங்கள்: 0.5 வரிசை, .00 நிரல், 0.1915. நமக்கு வேண்டியது வால் பகுதி. வளைவின் ஒரு பாதியின் பரப்பு 0.5000. எனவே 0.5000 − 0.1915 = 0.3085.

சரி, இதற்கு என்ன பொருள்? 1000 பாக்கெட் எடுத்தால் ஏறக்குறைய 309 பாக்கெட்டில் பால் குறையும். சராசரி 502 இருந்தும் இவ்வளவு! வாங்குபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

நீங்கள் செய்ய:
அ) 509 மி.லி.க்கு மேல் இருக்க நிகழ்தகவு? (1.7 வரிசை, .05 நிரல்: 0.4599)
ஆ) சராசரியை மாற்றாமல் திட்டவிலக்கத்தை 1 ஆக்கினால் 500க்குக் குறைவான பாக்கெட்டுகள் எத்தனை சதவீதம்? விடையை ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள்.