திட்டப்பணித் தலைப்பு: பறவைக் கணக்கெடுப்பா, ஆகாயத்தாமரை உரமா?

எம்.எஸ்சி. விலங்கியல், இறுதிப் பருவம். பணிக்காலம் ஜனவரி முதல் மார்ச் முடிய.

அ: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வாராந்தர நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு
ஆ: ஆகாயத்தாமரையிலிருந்து மண்புழு உரம்

மதிப்பெண் 1 முதல் 5 வரை. 1 என்றால் பெரும்பாடு, 5 என்றால் கவலையில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது எடையால் பெருக்கிய புள்ளி.

| கேள்வி | எடை | அ | ஆ |
|---|---|---|---|
| மார்ச்சுக்குள் முடியுமா? | 3 | 5 (15) | 3 (9) |
| தரவு கைக்கு வருவது உறுதியா? | 3 | 4 (12) | 3 (9) |
| அனுமதி, செலவு, அலைச்சல் | 2 | 2 (4) | 4 (8) |
| வேலை இப்போதே கைவருமா? | 2 | 2 (4) | 4 (8) |
| புதிதாகச் சொல்ல ஏதாவது உண்டா? | 1 | 4 (4) | 2 (2) |
| மொத்தம் (55-க்கு) | | 39 | 36 |

'எது பிடிக்கும்' என்ற வரியை நானேதான் விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே அளவு பிடிக்கும் என்று நீ சொன்ன பிறகு, அந்த வரி இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டும், அவ்வளவுதான்.

உரத்துக்கு முதல் வரியில் 3 போட்டதற்குக் காரணம் உண்டு. ஆகாயத்தாமரையைச் சாணத்தோடு இரண்டு மூன்று வாரம் மட்கவைத்த பிறகே புழுவை விட முடியும். அதன் பிறகு உரமாக 45 முதல் 60 நாள். அப்புறம்தான் நைட்ரஜன் சோதனை. நடுவில் தொட்டி சூடேறிப் புழு செத்தால் மறுபடி தொடங்க நாள் இருக்காது. பறவைக் கணக்கில் அந்த ஆபத்து இல்லை. ஒரு வாரம் பூநாரை வராவிட்டால் அந்தப் பூஜ்ஜியமும் தரவுதான்.

ஆனால் உள்ளான் இனங்களைத் தொலைவிலிருந்து பிரித்தறிவது உனக்குப் புதிது. உரத்தில் நைட்ரஜனை அளக்கும் ஜெல்டால் முறையைச் சென்ற பருவத்திலேயே நன்றாகச் செய்தாய். அதனால்தான் நான்காம் வரியில் 2-ம் 4-ம்.

3 புள்ளியோ அதற்குக் குறைவோ வித்தியாசம் இருந்தால் சமம் என்றே கொள். எடை 3 உள்ள வரியில் ஒரு மதிப்பெண் மாறினாலே அந்த வித்தியாசம் போய்விடும். ஆகவே இப்போதைக்கு இது சமம். எடைகளைத் தொடாதே, விசாரித்தால் மாறக்கூடிய மதிப்பெண் எது என்று பார். இங்கே அது மூன்றாம் வரி. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை சதுப்பு நிலத்தின் ஊடாகவே போகிறது. சாலையோரத்திலிருந்தே எண்ணுவதாக ஆய்வை அமைத்தால் உள்ளே நுழையும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். துறையின் இருநோக்கியை எடுத்துக்கொள், வாங்கும் செலவும் இல்லை. பஸ் அலைச்சல் மட்டும் மிச்சம். அந்த 2-ஐ 3 ஆக்கலாம்: அ 41, ஆ 36.

சனிக்கிழமை காலை ஒருமுறை அங்கே போய், சாலையிலிருந்து எத்தனை இனங்களை உன்னால் பெயர் சொல்ல முடிகிறது என்று எழுதி வா. பத்துக்குக் குறைந்தால் நான்காம் வரியில் அ-வுக்கு 1 போட்டுவிடு. அப்போது 39-36, மறுபடி சமம். சமம் என்றால் உனக்குக் கைவந்த வேலையே மேல். உரத்தையே எடுத்துக்கொள், தொட்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.