மூன்றாம் மண்டலக் குடிநீர்க் கசிவுத் திட்டம்: எல்லோருக்குமான ஒரு பக்கச் சுருக்கம்

மூன்றாம் மண்டலத்துக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு 100 லிட்டர் குடிநீரிலும் 31 லிட்டர் எந்த வீட்டுக் கணக்கிலும் சேராமல் போய்க்கொண்டிருந்தது. அதில் 28 லிட்டர் மண்ணுக்குள் கசிந்தது. இந்தத் திட்டத்தில் கசிவுகளைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்த பிறகு, கணக்கில் வராத தண்ணீர் சுமார் 24 லிட்டராகக் குறைந்திருக்கிறது. மீதியைக் குறைக்க இரண்டு வேலைகளைப் பரிந்துரைக்கிறோம். இரவில் குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துவது முதல் வேலை. அடிக்கடி உடையும் 2.2 கிலோமீட்டர் பழைய குழாயை, அதிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் இணைப்புகளோடு சேர்த்து மாற்றுவது இரண்டாவது. அடுத்த பொதுக் கூட்டத்தில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டியது இந்த இரண்டைப் பற்றித்தான்.

முழு அறிக்கை பொறியாளர்களுக்காக எழுதப்பட்டது. அதை எழுதிய குழுவே இந்தச் சுருக்கத்தையும் எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டப் போகிறோம் என்றால், ஏன் தோண்டுகிறோம் என்பது உங்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும். அது உங்கள் உரிமை என்று நினைக்கிறோம்.

கசிவு என்று எப்படித் தெரிந்தது?

நிலத்துக்கு அடியில் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் இரவில் அளந்தோம். மண்டலத்துக்குள் தண்ணீர் ஒரே வழியில் மட்டும் நுழையும்படி மற்ற வால்வுகளை மூடி, நுழையும் இடத்தில் ஒரு மீட்டர் வைத்தோம். பின்னிரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை ஏறக்குறைய எல்லோரும் தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் மீட்டர் கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். ஆனால் மணிக்கு 24 ஆயிரம் லிட்டர் வேகத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

சரி, அந்த நேரத்திலும் யாரோ ஒருவர் கழிப்பறைக்குப் போவார், இரவு வேலை முடிந்து வந்தவர் குளிப்பார். மண்டலத்தில் உள்ள 2,300 இணைப்புகளுக்கும் சேர்த்து இப்படிப்பட்ட நியாயமான செலவு மணிக்கு 4 ஆயிரம் லிட்டர் என்று மதிப்பிட்டோம். மீதி 20 ஆயிரம் லிட்டர் கசிவு.

இந்த எண்ணை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாள் கசிவு கிடைத்துவிடும் என்று தோன்றும். அது தவறு. பகலில் எல்லோரும் குழாயைத் திறப்பதால் அழுத்தம் குறைகிறது, ஓட்டைகளிலிருந்து வெளியேறும் தண்ணீரும் குறைகிறது. அதற்குத் தக்கபடி கணக்கிட்டதில் ஒரு நாள் கசிவு சுமார் 4 லட்சம் லிட்டர் என்று வந்தது. அறிக்கையின் நான்காம் அட்டவணையில் 20, 400 என்று இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது ஒரு மணி நேரக் கசிவு, இரண்டாவது ஒரு நாள் கசிவு, இரண்டும் ஆயிரம் லிட்டர் கணக்கில். அட்டவணையைப் பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் வராத 31 லிட்டரில் மீதி 3 லிட்டர் கசிவு அல்ல. பழைய வீட்டு மீட்டர்கள் குறைத்துக் காட்டுவது, தீயணைப்புக்கு எடுப்பது, குழாய்களைக் கழுவிவிடுவது எல்லாம் அதில் அடங்கும். "31 சதவீதம் திருட்டுப் போகிறது" என்று சிலர் பேசுவது எங்கள் காதுக்கும் வந்தது. அளவீடுகளில் அதற்கு ஆதாரம் இல்லை.

எங்கே கசிகிறது?

அழுத்தத்தோடு வெளியேறும் தண்ணீர் ஓசை எழுப்பும். அந்த ஓசை குழாய்ச் சுவர் வழியாகவே பயணம் செய்யும். குழாயின் இரண்டு இடங்களில் ஒலிவாங்கிகளை ஒட்டி வைத்து, ஓசை எந்தப் பக்கம் எவ்வளவு முன்னதாக வந்து சேர்கிறது என்று பார்த்தால், கசிவு இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். வார்ப்பிரும்புக் குழாயில் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாய் ஓசையைச் சீக்கிரமே விழுங்கிவிடுகிறது. இந்த மண்டலத்தின் 18 கிலோமீட்டர் குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக். ஆகவே அந்தப் பகுதியில் சில கசிவுகள் எங்கள் கருவிகளுக்குத் தப்பியிருக்கும். இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

மொத்தம் 27 கசிவுகள் கிடைத்தன. பெரிய குழாயில் 3 மட்டுமே. வால்வுகளில் 5. மீதி 19 கசிவுகளும் தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இணைப்புகளில் இருந்தன. பெரிய குழாய் உடைந்தால் தெருவே நனைந்து அன்றைக்கே தெரிந்துவிடும், அன்றைக்கே சரிசெய்தும் விடுவார்கள். இணைப்பில் விழும் சின்ன ஓட்டை யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் ஓடும். 30 மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தத்தில், 6 மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்று நாளுக்கு சுமார் 35 ஆயிரம் லிட்டரை வெளியேற்றும். தண்ணீரைத் தின்பது பெரும்பாலும் இந்தச் சின்ன ஓட்டைகள்தான்.

27 கசிவுகளையும் அடைத்த பின் இரவு ஓட்டம் மணிக்கு 24 ஆயிரத்திலிருந்து 17 ஆயிரம் லிட்டராக இறங்கியது. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் மிச்சம்.

அழுத்தத்தை ஏன் குறைக்க வேண்டும்?

நியாயமான செலவு போக மணிக்கு 13 ஆயிரம் லிட்டர் இன்னும் கசிகிறது. இவற்றில் பெரும்பாலானவை கருவிக்குக் கேட்கும் அளவுக்கு ஓசை எழுப்பாத நுண்ணிய கசிவுகள். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க முடியாது. இவற்றுக்குப் பலன் தரும் வழி அழுத்தத்தைக் குறைப்பது. யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் குழாயில் அழுத்தம் ஏறிவிடுகிறது. இங்கே நள்ளிரவில் அது 45 மீட்டர் வரை போகிறது. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை அதை 28 மீட்டராக வைத்திருக்க ஒரு வால்வு போதும். பகல் அழுத்தத்தில் கை வைக்கப் போவதில்லை.

இதனால் அந்த ஆறு மணி நேரக் கசிவு ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை குறையும். ஏன் ஒரே எண்ணாகச் சொல்லவில்லை? இரும்பில் விழுந்த ஓட்டை அழுத்தம் மாறினாலும் அதே அளவில் இருக்கும். பிளாஸ்டிக்கில் உள்ள விரிசலும் தளர்ந்த இணைப்பும் அழுத்தம் ஏறும்போது அகலும், இறங்கும்போது சுருங்கும். இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொருத்திப் பார்த்துத்தான் அறிய முடியும்.

லிட்டரில் சொன்னால் இந்தச் சேமிப்பு ஒரு நாளைக்கு 16 ஆயிரத்திலிருந்து 30 ஆயிரம் வரை. பெரிய தொகை அல்ல. ஆனாலும் இரண்டு வேலைகளில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறோம். இரவில் ஏறும் அழுத்தம்தான் பழைய குழாய்களைப் புதிதாக உடைக்கிறது. அதைக் கட்டுப்படுத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால், பக்கத்துத் தெருவில் வேறொரு குழாய் உடையும்.

"அழுத்தத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் கசிவே இருக்காதே?" என்று கேட்கலாம். அதை மட்டும் செய்யவே கூடாது. குழாய் காலியாகும்போது, தண்ணீர் வெளியேறிய அதே ஓட்டைகள் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் அழுக்கு நீர் உள்ளே நுழையும். சாக்கடை அருகில் இருந்தால் அதுவும் நுழையும். தண்ணீரில் கலக்கும் குளோரின் அந்த அளவு அழுக்கைச் சமாளிக்காது. கசிவை நாங்கள் தண்ணீர்க் கணக்காக மட்டும் பார்க்காததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு ஓட்டையும் குடிநீருக்குள் நோய் நுழையக்கூடிய வாசல்.

எல்லாக் குழாய்களையும் ஏன் மாற்றவில்லை?

கிடைத்த 27 கசிவுகளில் 14 அந்த 2.2 கிலோமீட்டரில்தான் இருந்தன. மற்ற இரும்புக் குழாய்கள் வயதானவை என்றாலும் வெட்டிப் பார்த்த இடங்களில் சுவர் திடமாகவே இருந்தது. வயதை மட்டும் பார்த்து மாற்றுவது வீண்.

உங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

வால்வு பொருத்திய பின் இரவில் மாடித் தொட்டி நிரம்பக் கூடுதல் நேரம் ஆகலாம். மூன்று மாடி வரை உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுவதில் சிரமம் இருக்காது. அதைவிட உயரமான கட்டடங்களை ஒவ்வொன்றாக நேரில் சோதித்த பிறகே வால்வை இயக்குவோம்.

குழாய் மாற்றும் நாட்களில் தண்ணீர் பழுப்பாக வரலாம். உள்ளே படிந்திருந்த துரு கலங்குவதுதான் காரணம். தெளியும் வரை திறந்துவிடுங்கள், அதுவரை குடிக்கவோ வெள்ளைத் துணி துவைக்கவோ வேண்டாம். வெள்ளையாகக் கலங்கி வந்தால் அது பெரும்பாலும் காற்று. டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் கவலை இல்லை. தெளியாவிட்டால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் மீட்டருக்கு உட்பக்கம் ஏற்படும் கசிவு உங்கள் கட்டணத்தில் சேரும், மேலே சொன்ன கணக்குகளில் வராது. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டி நிரம்பியிருப்பதை உறுதிசெய்து, மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். தண்ணீரைத் தொடாமல் காலையில் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் முதலில் கழிப்பறைத் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். அதில் சில துளி சாயம் விட்டு, தண்ணீர் விடாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கிண்ணத்தில் சாயம் இறங்கினால் அங்கேதான் கசிகிறது.

எந்த அளவுக்கு நம்பலாம்?

இரவு ஓட்டம் மீட்டரில் நேரடியாக அளந்தது, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. நியாயமான இரவுச் செலவு மதிப்பீடுதான். அது உண்மையில் இரு மடங்காக இருந்தால் முதலில் இருந்த கசிவு மணிக்கு 20 ஆயிரம் அல்ல, 16 ஆயிரம் லிட்டர். அப்போதும் எங்கள் பரிந்துரை மாறாது. எல்லா அளவீடுகளும் ஒரே பருவத்தில் எடுக்கப்பட்டவை. வேறொரு பருவத்திலும் அளந்து, முடிவை இதே போன்ற ஒரு பக்கத்தில் வெளியிடுவோம்.

அளவீட்டு விவரங்கள் முழு அறிக்கையின் மூன்றாம், நான்காம் அத்தியாயங்களிலும், குழாய் மாற்றும் தெருக்களின் வரைபடம் ஆறாம் அத்தியாயத்திலும் உள்ளன. உங்கள் தெரு வரைபடத்தில் இருந்தால் கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். எந்த நேரத்தில் தோண்டினால் உங்களுக்குச் சிரமம் குறையும் என்பது இன்னும் முடிவாகவில்லை, அதை உங்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்யப் போகிறோம்.