பயிற்சித்தாள்: சீர் கட்டி அழுத்தம் குறித்தல்

இத்தாளில் அசை என்பது ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிப்பலகாகும். யாப்பின் நேரசையோடும் நிரையசையோடும் அதைக் கலந்துவிட வேண்டாம். இரண்டு அசைகள் சேர்ந்து ஒரு சீராகும். அச்சீரில் முதலசை அழுத்தம் பெற்றால் அது ட்ரோக்கி, இரண்டாமசை பெற்றால் ஐயாம்பு. முதன்மை அழுத்தத்தை ˈ என்றும் துணை அழுத்தத்தை ˌ என்றும் உரிய அசைக்கு முன்னால் இடுக.

முதலில் ஆஸ்திரேலியாவின் பின்டுபி மொழியை எடுத்துக்கொள்வோம். 'புளிங்கலட்யு' என்னும் சொல்லை பு.ளிங்.க.ல.ட்யு என ஐந்து அசைகளாகப் பிரிக்கிறோம். இடமிருந்து வலமாக ட்ரோக்கிகளைக் கட்டினால் (பு ளிங்)(க ல) என்று இரண்டு சீர்கள் அமைந்து, கடைசி அசை துணையின்றி எஞ்சும். ஓரசைச் சீரை இம்மொழி ஏற்பதில்லை என்பதால் அவ்வசையைச் சீருக்கு வெளியே அழுத்தமின்றி விட்டுவிடுகிறோம். பின்னர் ஒவ்வொரு சீரின் தலையசைக்கும் அழுத்தம் தந்து, இடக்கோடிச் சீரின் தலையை முதன்மையாக்குகிறோம்:

(ˈபு ளிங்)(ˌக ல) ட்யு

இதே முறையில் 'உறவினர்' பற்றிய ட்ய.மு.லிம்.ப.ட்யுங்.கு என்னும் ஆறசைச் சொல்லை நீங்களே செய்க. இங்கு எதுவும் எஞ்சாது.

அடுத்து, சிலியிலும் அர்ஜென்டினாவிலும் பேசப்படும் மாப்புடுங்குன் மொழியின் தரவு:

டி.ˈபன்.டோ (ஆண்டு)
எ.ˈலு.அ.ˌஎ.நெவ் (அவர் எனக்குத் தருவார்)
எ.ˈலு.மு.ˌயு (எங்களுக்குத் தா)

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். ஐந்தசைச் சொல்லை மட்டும் பார்த்தால், இடமிருந்து ஐயாம்பு கட்டினாலும் (எ ˈலு)(அ ˌஎ) நெவ் எனச் சரியாக வரும். வலமிருந்து ட்ரோக்கி கட்டினாலும் எ (ˈலு அ)(ˌஎ நெவ்) எனச் சரியாகவே வரும். மூன்றசைச் சொல்லும் இவ்வாறே இருபக்கமும் இடங்கொடுக்கும். ஒற்றைப்படை அசையெண் கொண்ட சொற்களை எத்தனை அடுக்கினாலும் இவ்விரு பகுப்புகளையும் வேறுபடுத்த இயலாது. நான்கசைச் சொல்லில் வலமிருந்து வரும் ட்ரோக்கி (எ லு)(மு யு) என்று சீர்களை அதே இடத்தில் வெட்டினாலும், அழுத்தத்தை முதலாம், மூன்றாம் அசைகளில் வைத்துவிடும். தரவிலோ அது இரண்டாம், நான்காம் அசைகளில் இருக்கிறது. ஆகவே இம்மொழிக்கு இடமிருந்து வலமாகச் செல்லும் ஐயாம்பையே கொள்கிறோம். உங்கள் விடையிலும் எந்தச் சொல் எந்தப் பகுப்பை விலக்கியது என்பதை எழுத வேண்டும். வெறும் அடைப்புக்குறிகள் போதா.

விடையளிக்க:

அ) பின்டுபியின் டி.ளி.ரி.ஙு.லம்.ப.ட்யு என்னும் ஏழசைச் சொல்லுக்கு ஒவ்வொரு படியையும் தனி வரியில் காட்டி அழுத்தம் குறிக்க.

ஆ) மாப்புடுங்குனின் கி.மு.ஃப.லு.வு.லய் என்னும் சொல்லில் அழுத்தம் எங்கெங்கு விழும் என முன்னுரைக்க. வலமிருந்து வரும் ட்ரோக்கி தரும் தவறான வடிவத்தையும் அருகில் எழுதுக.

இ) ஆஸ்திரேலியாவின் மரனுங்கு மொழியில் 'தாடி' என்னும் பொருளுடைய சொல் ˈமெ.ரெ.ˌபெட் என ஒலிக்கிறது. பின்டுபிக்கு நாம் வகுத்த படிகளில் ஒன்றை மட்டும் மாற்றி இவ்வடிவத்தைப் பெறுக. அம்மாற்றத்தின்படி இம்மொழியின் ஐந்தசைச் சொல்லில் எத்தனை அழுத்தங்கள் எதிர்பார்க்கப்படும் என்றும் கூறுக.