பூட்டிய கதவும் பூட்டாத கதவும்

எமர்ஜென்சி என்றதும் இந்திரா காந்தியைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1975 ஜூன் 25 இரவு நடந்ததில் சட்டத்தை மீறியது என்று எடுத்துச் சொல்ல அதிகமில்லை, அதுதான் உறுத்துகிறது. அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற இரண்டு சொற்கள் தயாராக இருந்தன. குழப்பம் என்றால் என்ன என்று அங்கே விளக்கம் கிடையாது. அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் தகவல் போனது. அப்புறம் 359ஆவது பிரிவின்கீழ் ஓர் உத்தரவு: சமத்துவம், உயிர், கைதிலிருந்து பாதுகாப்பு பற்றிய 14, 21, 22ஆவது பிரிவுகளின் உரிமைகளுக்காக யாரும் நீதிமன்றப் படி ஏற முடியாது.

விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் உள்ளே போனவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்னதை, 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தூக்கிப் போட்டது. விசாரணையின்போது நீதிபதி கன்னா கேட்டார்: சொந்தப் பகையில் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன பரிகாரம்? எமர்ஜென்சி இருக்கும்வரை எதுவும் இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல். நீதிபதி பேக், கைதிகளை அரசு கிட்டத்தட்ட தாயைப் போலப் பார்த்துக்கொள்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளான திமுகவினரை அடித்து நொறுக்கியிருந்தார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு இறந்தே போனார். தாய்ப்பாசம்! மாற்றுக் கருத்து எழுதிய கன்னாவைத் தாண்டி 1977இல் பேக் தலைமை நீதிபதி ஆனார், கன்னா ராஜினாமா செய்தார்.

சரி, 1978இன் 44ஆவது திருத்தம் இதையெல்லாம் சரிசெய்துவிட்டதே என்பார்கள். பாதி உண்மை. 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது, அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு கட்டாயமானது, 20, 21ஆவது பிரிவுகளை இனி எந்த எமர்ஜென்சியிலும் முடக்க முடியாது. 1976 தீர்ப்பையும் 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் வெளிப்படையாகவே ரத்து செய்தார்கள். அதை எழுதியவர், பழைய தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதியின் மகன்.

ஆனால் 22ஆவது பிரிவு? காவல் நியாயமானதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம் என்று அது சொல்கிறது. அதை இரண்டு மாதமாகக் குறைத்து, கழகத்தில் யார் உட்காரலாம் என்பதையும் இறுக்கியது இதே திருத்தத்தின் 3ஆவது பிரிவு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் அமலாகும் தேதியை எந்த மத்திய அரசும் அறிவிக்கவில்லை, மிசாவில் சிறை போனவர்களே அமைச்சர்களாக இருந்த ஆட்சிகள் உட்பட. அறிவிக்கச் சொல்லி உத்தரவிட மாட்டோம் என்று 1981இல் உச்ச நீதிமன்றமும் ஒதுங்கிக்கொண்டது.

இதனால்தான் எமர்ஜென்சி திரும்ப வருமா என்ற கேள்வியே எனக்குத் தப்பாகப் படுகிறது. விசாரணையே இல்லாமல் ஒருவரை உள்ளே வைக்க 352 எதற்கு? இங்கே குண்டர் சட்டத்தில் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வரை வைக்கலாம். பல மாதம் கழித்து உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்யும், காரணமும் பெரும்பாலும் சாதாரணமானதாக இருக்கும்: கொடுத்த நகலில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம். அதற்குள் அந்த ஆள் பாதித் தண்டனையை அனுபவித்து முடித்திருப்பார், குற்றம் நிரூபணம் ஆகாமலேயே.