ஆய்வு முறை: மெட்ஃபார்மின் கொடுத்த விதமும் விளைவை அளந்த விதமும்

காரைக்குடியில் ஒன்று, தேவகோட்டையில் ஒன்று என இரண்டு கிளினிக்குகளில், புதிதாக இரண்டாம் வகை சர்க்கரை நோய் தெரியவந்து அதற்கு இன்னும் எந்த மருந்தும் தொடங்காத 30 முதல் 65 வயதுக்காரர்களைச் சேர்த்தோம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஹீமோகுளோபின் 10 கிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்தவர்களையும் விட்டுவிட்டோம், ஏனென்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி, ரத்தசோகையில் தப்பாகக் காட்டக்கூடும்.

மருந்து: சாதாரண மெட்ஃபார்மின் மாத்திரை, மெதுவாகக் கரையும் வகை அல்ல. ஒரு மாத்திரையில் 500 மி.கி. மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு, அதாவது உப்பின் எடைதான் 500. முதல் மாத்திரை விழுங்கிய நாள் 1-ஆம் நாள். 1 முதல் 14-ஆம் நாள் வரை இரவுப் பலகாரத்தோடு ஒரு மாத்திரை, ஒரு நாள் மொத்தம் 500 மி.கி. 15 முதல் 112-ஆம் நாள் வரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஒரு வேளைக்கு 500, ஒரு நாள் மொத்தம் 1000 மி.கி. ‘தினம் 1000’ என்று மட்டும் சீட்டில் எழுதினால் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கிவிடுகிறார்கள், அதனால் வேளை அளவையும் நாள் மொத்தத்தையும் தனித்தனியாகவே எழுதிக் கொடுத்தோம்.

‘சாப்பாட்டோடு’ என்றால் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து முடித்து அரை மணி நேரத்துக்குள். அதில் மறந்தால் சாப்பிட்டு முடித்த இரண்டு மணி நேரம் வரை போடலாம், அதையும் தாண்டினால் அந்த வேளையை விட்டுவிட வேண்டும், அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு வழியில் சாப்பாட்டு நேரம் மாறிக்கொண்டே இருக்கும், அந்த நாட்களில் கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பார்த்துப் போடச் சொன்னோம், இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே குறைந்தது 8 மணி நேரம் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

15-ஆம் நாளுக்குப் பிறகு, நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால், 7 நாளைக்கு இரவு மாத்திரை மட்டும். அப்புறம் ஒரே ஒரு முறை மறுபடி இரண்டு வேளை, அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கடைசிவரை 500 மி.கி.தான். இவர்களையும் கணக்கில் சேர்த்தோம். இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் மருந்தை அன்றே நிறுத்தினோம்.

முதன்மை விளைவு ஒன்றே: 113-ஆம் நாள் எச்பிஏ1சியிலிருந்து 1-ஆம் நாள் (மாத்திரைக்கு முன் எடுத்த) எச்பிஏ1சியைக் கழித்த எண், சதவீதப் புள்ளியில். 8.0 என்பது 7.2 ஆனால் −0.8 புள்ளி, ‘10 சதவீதம் குறைந்தது’ என்று எழுதவில்லை. இரண்டு ஊர் ரத்தத்தையும் ஒரே லேபில் எச்பிஎல்சி முறையில் பார்த்தோம்.

துணை விளைவுகளில் முதலாவது, அதே இரண்டு நாட்களின் வெறும் வயிற்று பிளாஸ்மா குளுக்கோஸ், மி.கி./டெசிலிட்டரில். வெறும் வயிறு என்றால் 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் இல்லை, பாலில்லாத காபியும் கூடாது. இரண்டாவது, ஒரு தடவையாவது வாந்தி அல்லது மேலே சொன்ன வயிற்றுப்போக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. இங்கே எண்ணுவது ஆட்களை, தடவைகளை அல்ல.

மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா என்பதற்கு, கொடுத்ததில் திரும்பி வந்ததைக் கழித்து 210-ஆல் (14 + 98 × 2) வகுத்து 100-ஆல் பெருக்கினோம். அளவு குறைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் 210-க்குப் பதிலாக, மாற்றிய அட்டவணைப்படி அவர்கள் போட வேண்டியிருந்த எண்ணிக்கை.